டேப் அக்காவின் இரண்டாவது பட்டியல்

எங்கள் தெருவில் அவருக்கு டேப் அக்கா என்று பெயர். தையல்காரர். கழுத்தில் அளவு டேப் எப்போதும் தொங்கும். சாப்பிடும்போதும் கழற்ற மாட்டார். துணிக்கு மட்டும் அளவெடுத்திருந்தால் அந்தப் பெயர் பொருந்தியிருக்காது. அடுத்தவர் வீட்டுக் கதவின் அகலம், அடுத்தவர் பிள்ளையின் மார்க், அடுத்தவர் வாங்கிய ஃபிரிட்ஜின் உயரம் எல்லாவற்றையும் கண்ணாலேயே அளந்து, தன்னுடையதோடு ஒட்டிப் பார்த்து, பெருமூச்சு விடுகிற ஆள். எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுத்து, மனு டைப் அடித்துப் பிழைப்பவன் நான். அந்தப் பெருமூச்சுகளில் பாதி என் கடை வாசலில்தான் விடப்பட்டன.

மற்றவர்கள் மேல் விட்ட மூச்சையெல்லாம் கூட்டினாலும், ஓரகத்தி மேல் விட்ட மூச்சுக்கு ஈடாகாது. டேப் அக்கா மூத்த மருமகள். சின்னவள் ஆறு வருஷம் கழித்து அதே வீட்டுக்கு வந்தவள். மூத்தவர் வந்தபோது மாமியார் வீட்டில் கிணற்று வாளி. சின்னவள் வந்தபோது மோட்டார் போட்டாகிவிட்டது. அங்கே ஆரம்பித்த கணக்கு அது. சின்னவளுக்கு முதல் பிரசவத்திலேயே இரட்டைக் குழந்தை பிறந்தது. "எதுலயும் ஒண்ணோட நிறுத்தத் தெரியாது அவளுக்கு" என்றார் அக்கா. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து, நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்து, ஆளுக்குப் பாதியாகப் பெண்டாட்டிகளுக்குக் கடை போட்டுக் கொடுத்திருந்தார்கள். இந்தப் பக்கம் தையல், அந்தப் பக்கம் ரெடிமேட். தடுப்பில் ஒரு கதவு உண்டு. இரண்டு கடையும் தெருவை விட மூன்று படி பள்ளம். டேப் அக்கா கடையில் ஒரு சட்டம் இருந்தது: வெட்டின துணி தரையில் கிடக்கும், அதனால் யாரும் செருப்போடு உள்ளே வரக் கூடாது. நான் மதித்தேன், வாடிக்கையாளர்கள் மதித்தார்கள். "சின்னவ மட்டும் மகாராணி மாதிரி செருப்போடவே வருவா" என்பது அக்காவின் நிரந்தரப் புகார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மேல்மாடி சலூனுக்குப் போகும் தண்ணீர்க் குழாய் வெடித்தது. தையல் கடைக்கு ஞாயிறு விடுமுறை. அக்கா வெளியூரில் மகள் வீட்டில் இருந்தார். ரெடிமேட் கடை திறந்திருந்தது. வால்வு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கண்டுபிடித்து மூடுவதற்குள் இரண்டு கடையிலும் முழங்கால் அளவு தண்ணீர். என் கடையும் அன்று பூட்டு. மறுநாள் வந்துதான் பார்த்தேன்.

இரண்டு கடைக்கும் ஒரே கம்பெனியில் காப்பீடு இருந்தது. ஒரே ஏஜென்ட், ஒரே மாதிரி பாலிசி. குழாய் வெடித்து வரும் சேதமும் அதில் அடக்கம். சேதத்தை மதிப்பிட ஒரே சர்வேயர் ஒரே நாளில் வந்து இரண்டு கடையையும் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு மாதத்துக்குள் சின்னவளுக்குப் பணம் வந்துவிட்டது. புது அலமாரி, புது விளக்கு, வாசலில் கண்ணாடிக் கதவு. டேப் அக்காவுக்கு ஏழு மாதமாகியும் ஒன்றுமில்லை.

அவர் கடையைப் பார்த்தால் எனக்கே கஷ்டமாக இருக்கும். பெரிய மெஷின் இரண்டுக்கும் மோட்டார் காலடியில் இருப்பதால் மூழ்கிப் பழுதாகிவிட்டது. மூலையில் ஓவர்லாக் மெஷினும் எம்பிராய்டரி மெஷினும் பழைய போர்வையால் மூடிக் கிடந்தன. வீட்டிலிருந்து கொண்டுவந்த கால்மிதி மெஷினில் பாவாடை ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். ஓரத்துக்கு ஓவர்லாக் போட வேண்டிய துணிகளைப் பையில் போட்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் கடைக்குக் கூலி கொடுத்து அனுப்பினார். "அந்தச் சின்ன மெஷின் ரெண்டும் ஓடாதாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "அதைப் பத்திப் பேசாத" என்றார். பேசவில்லை.

வாடகை நான்கு மாதம் பாக்கி. அப்போதுதான் சின்னவள் ஒரு யோசனை சொன்னாள். தையல் பக்கத்தை விட்டுவிட்டு, தன் கடையின் பின்பக்கம் ஒரு மெஷின் போட்டுக்கொண்டு, வாடிக்கையாளர்களுக்குப் பேன்ட் நீளம் குறைத்துக் கொடுக்கலாமாம். மாதச் சம்பளம் தருவாளாம்.

"என்னை அவ கடையில சம்பளத்துக்கு உக்கார வெக்கப் பாக்கறா தம்பி" என்று அக்கா என் கடைக்கு வந்து நின்றார். முகம் கறுத்திருந்தது. "மாசக் கடைசியில ஹவுஸ் ஓனர் சாவியக் கேட்டிருக்காரு. அதுக்குள்ள பணம் வரணும். இல்லேன்னா அவகிட்ட கை நீட்டிச் சம்பளம் வாங்கணும். நீ எழுது. கம்பெனிக்காரன் தூக்கம் கெடற மாதிரி எழுது."

"ஏஜென்ட் என்ன சொல்றாரு?"

"ஃபைல் மேல போயிருக்குங்கறாரு. ஏழு மாசமா மேலயே போயிட்டு இருக்கு. அது என்ன ஃபைலா, பட்டமா?"

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று நானும் உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். முதல் பக்கம் முழுக்கச் சின்னவள்தான் இருந்தாள். சின்னவள் கடைக்கு எப்படிப் பணம் வந்தது, சின்னவள் சர்வேயருக்கு ஃபேன் போட்டு உட்கார வைத்தது ஏன், சின்னவள் ஏஜென்டின் மகளுக்கு விலை குறைத்து ஃபிராக் கொடுத்தது உண்டா இல்லையா.

"அக்கா, இது காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதற புகாரா, உங்க ஓரகத்தி மேல போடற கேஸா?"

"ரெண்டும்தான்."

அப்புறம் வாய்ச்சண்டை. நான் அழித்தேன், அவர் சேர்க்கச் சொன்னார், மறுபடியும் அழித்தேன். கடைசியில் ஒரே ஒரு வரிக்கு இறங்கி வந்தார். கடிதம் இப்படி முடிந்தது:

பெறுநர்: குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்.
பொருள்: கடைக் காப்பீட்டு பாலிசி எண் 4471/208, கிளெயிம் எண் 0936 - ஏழு மாதத் தாமதம் குறித்து.

"மேற்கண்ட பாலிசியின்படி, குழாய் வெடித்து என் கடைக்கு ஏற்பட்ட சேதத்தை மறுநாளே தங்கள் கிளை அலுவலகத்துக்குத் தெரிவித்தேன். தங்கள் சர்வேயர் அந்த வாரமே நேரில் பார்வையிட்டார். கேட்ட ஆவணங்கள் அனைத்தையும் கொடுத்து ரசீது பெற்றுள்ளேன், நகல்கள் இணைப்பில். அதன்பின் மூன்று நினைவூட்டல்கள் அனுப்பியும் பதில் இல்லை. சர்வேயர் அறிக்கை கிடைத்தபின் குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும் என்பது தங்கள் விதி. இதே விபத்தில் பாதிக்கப்பட்ட பக்கத்துக் கடைக்குத் தொகை வழங்கப்பட்டுவிட்டது. என் கோரிக்கை ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா, நிலுவை எனில் என்ன காரணம் என்பதை எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறேன். உரிய காலத்துக்குள் பதில் இல்லையெனில் காப்பீட்டுக் குறைதீர் ஆணையரிடம் முறையிடுவேன்."

"பக்கத்துக் கடைன்னு மொட்டையா இருக்கே. பேர் போடேன்."

"போட மாட்டேன்."

கையெழுத்துப் போட்டார். பதிவுத் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. ஆணையர் என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது. ஏழு மாதம் வராத பதில் இரண்டு வாரத்துக்குள் வந்துவிட்டது.

உறையைக் கிழிக்காமல் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். உரக்கப் படித்தேன். தாமதத்துக்கு வருந்துகிறோம், விளக்கம் கேட்டு முன்பே எழுதியிருக்க வேண்டும், அது எங்கள் தவறு. பக்கத்துக் கடையைப் பற்றி: இன்னொரு பாலிசிதாரரின் விவரத்தைத் தங்களிடம் பேச இயலாது. அதுவரை சரி. அடுத்த பத்தியில் என் குரல் தானாகவே இறங்கிவிட்டது.

"தங்களிடமிருந்து இரண்டு சேதப் பட்டியல்கள் வந்துள்ளன. சர்வேயரிடம் தாங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த முதல் பட்டியலில் ஓவர்லாக், எம்பிராய்டரி மெஷின்கள் இல்லை. அவை மேஜை மேல் உலர்ந்த நிலையில் இருந்ததாகச் சர்வேயரும் குறித்துள்ளார். பத்து நாள் கழித்துக் கிளை அலுவலகத்தில் தாங்கள் கொடுத்த இரண்டாவது பட்டியலில் அவ்விரண்டும் சேதமானதாகச் சேர்க்கப்பட்டு, தொகை ஏறத்தாழ இரு மடங்காகியுள்ளது. அவை நனைந்ததற்கு ஆதாரம் தரவும்; அல்லது எந்தப் பட்டியல் சரியானது என்று எழுதித் தரவும். உண்மைக்கு மாறான கோரிக்கையால் பாலிசியின் முழுப் பயனும் இழக்கப்படும் என்ற நிபந்தனையை நினைவூட்டுகிறோம்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

"ரெண்டாவது பட்டியலா? எங்கிட்ட சொல்லவே இல்லையே. எங்க அடிச்சீங்க அதை?"

"அடிக்கல. கையாலதான் எழுதினேன்."

"எதுக்கு?"

டேப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார். சின்னவள் தன் பட்டியலை என் கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்த அன்று, அக்காவும் இங்கே நின்றிருக்கிறார். கூட்டுத்தொகை கண்ணில் பட்டிருக்கிறது. அவருடையதைப் போல இரண்டரை மடங்கு.

"அதே தண்ணி, அதே முழங்கால். அவளுக்கு மட்டும் எப்படி அவ்வளவு? எங்கடையில நனைஞ்சது பாதி வாடிக்கைக்காரங்க துணி. அடுத்தவங்க பொருள் பாலிசியில சேராதுன்னுட்டாங்க, அதுவும் போச்சு. வயிறு எரிஞ்சுது தம்பி. பொய் சொல்ல மாட்டேன், எரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி உக்காந்து அந்த ரெண்டையும் சேத்து எழுதினேன்."

"அது ரெண்டும் நனையலைன்னா எதுக்கு மூடி வெச்சிருக்கீங்க?"

"பழுதுன்னு எழுதிட்டு ஓட்டினா யாராவது பாத்துட மாட்டாங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தன் மூக்கை அறுத்துக்கொண்டு எதிராளிக்குச் சகுனத்தடை என்பார்கள். இங்கே எதிராளிக்குப் பணம் வந்து அலமாரி போட்டாகிவிட்டது, மூக்கு மட்டும் போயிருக்கிறது. நல்ல மெஷினை மூடி வைத்துவிட்டு, கூலி கொடுத்து ஓவர்லாக் அடித்த மகராசியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதைச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"நனைஞ்சிருக்கும்" என்றார் பிடிவாதமாக. "ரெண்டும் தாழ்வான ஸ்டூல் மேல இருந்துது. நான் வந்து பாக்கறப்போ வெட்டற மேஜை மேல இருந்துது. பில்டிங் வாட்ச்மேன்தான் தண்ணிக்குள்ளேருந்து தூக்கி வெச்சிருக்கான். அதுக்குத்தானே அவனுக்கு ஒரு சட்டை தெச்சுக் குடுத்தேன். தூக்கறதுக்கு முன்னாடி தண்ணி உள்ள போயிருக்கும், சர்வேயர் வர்றதுக்குள்ள காஞ்சிருக்கும். அதைக் காட்டிட்டா முழுசும் வந்துடுமே."

"எதை வெச்சுக் காட்டுவீங்க?"

இருவருக்கும் ஒரே சமயத்தில்தான் தோன்றியது. அன்று கடையில் இருந்தது சின்னவளும், விற்பனைக்கு நிற்கும் பெண்ணும். வால்வு தேடி ஹவுஸ் ஓனருக்குப் போன் செய்தபோது, அந்தப் பெண் படம் எடுத்து அனுப்பியதாகத் தெருவே பேசியது.

"அவகிட்ட நான் போகணுமா?"

"மாசக் கடைசிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்குக்கா."

தனியாகப் போக மாட்டேன் என்றதால் நானும் போனேன். ரெடிமேட் கடையின் புதுக் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதே அக்காவின் பார்வை அதன் அகலத்தை அளந்தது. சின்னவள் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. உக்காருங்க."

"உக்கார வரல. அந்தத் தண்ணி வந்த அன்னிக்கு எடுத்த போட்டோ இருக்கா?"

"இருக்கும். எதுக்கு?"

"என் மெஷின் நனைஞ்சுதான்னு கம்பெனில கேக்கறாங்க."

சின்னவள் மடித்த சட்டையை அப்படியே வைத்தாள். "எந்த மெஷின்?"

"ஓவர்லாக்கும் எம்பிராய்டரியும்."

"அது எப்படி நனையும்?" என்றாள். வேறு ஏதோ சொல்ல வந்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "இவருக்கு அனுப்பறேன். நீங்களே பாத்துக்கங்க."

நாங்கள் தெருவைக் கடப்பதற்குள் என் போனில் படங்கள் வந்துவிட்டன. கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினேன். நான்கு படங்கள், நான்கிலும் நேரம் பதிந்திருந்தது.

முதல் படம் ரெடிமேட் பக்கத்திலிருந்து எடுத்தது. அவள் கடைக் கூரையிலிருந்துதான் தண்ணீர் கொட்டுகிறது. கீழ் வரிசையில் அட்டைப் பெட்டிகள் இன்னும் நனையாமல் அடுக்கடுக்காக இருக்கின்றன. தரையில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. நடுக்கதவு திறந்திருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம், தையல் கடைக்குள், சின்னவள் எம்பிராய்டரி மெஷினை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். காலடியில் ஸ்டூல், ஸ்டூலின் கால்கள் மட்டும் தண்ணீரில்.

இரண்டாவது படத்தில் ஓவர்லாக் மெஷின் மேஜை மேல் ஏறிவிட்டது. அவள் ஒரு பெரிய மெஷினை ஸ்டாண்டோடு இழுத்துப் பார்க்கிறாள். அது அசைகிற ரகமில்லை. மூன்றாவதில் தையல் கடை நூல் பெட்டிகளை மேல் தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறாள். நான்காவது படம் அவள் கடை. கீழ் வரிசை அட்டைப் பெட்டிகள் கரைந்து, குழந்தைச் சட்டைகள் தண்ணீரில் மிதக்கின்றன. முதல் படத்துக்கும் இதற்கும் நடுவே அரை மணி நேரம்.

இரண்டரை மடங்கு எப்படி வந்தது என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சட்டை வாங்கிக்கிட்டானே அந்த வாட்ச்மேன்" என்றார். "ஒரு வார்த்தை சொன்னானா?"

"சும்மா வந்த சட்டையை யார் வேண்டாம்னு சொல்லுவாங்க?"

அவர் எழுந்து மறுபடியும் எதிரே போனார். இந்த முறை தனியாக. நான் என் வாசலிலேயே நின்றேன். அந்தக் கண்ணாடிக் கதவு திறந்தே இருந்ததால் பேசுவது கேட்டது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்டீங்களாக்கா? ஊருலேருந்து வந்து எங்கடைப் பட்டியலைத்தான் பாத்தீங்க. அதுக்கப்புறம் எட்டு மாசமா எங்கிட்டப் பேசவே இல்ல."

"உன் சரக்கு மிதக்குதே, அதைப் பாக்க வேண்டியதுதானே?"

"சரக்கு போனா வேற வாங்கலாம். அந்த எம்பிராய்டரி மெஷினுக்கு நீங்க மூணு வருஷம் சீட்டுக் கட்டினது எனக்குத் தெரியாதா?"

அக்கா திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தார். படங்களை என்ன செய்வது என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவற்றை யாருக்கும் காட்டாமல், வாட்ச்மேன் கதையை மட்டும் எழுதி அனுப்பலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்ததா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தாலும் வாயில் வரவில்லை.

"எழுது தம்பி. முதல் பட்டியல்தான் சரி. ரெண்டாவதை வாபஸ் வாங்கிக்கறேன்."

"காரணம் கேட்டா?"

"மெஷின் ரெண்டும் தண்ணி ஏறும் முன்னாடியே மேஜைக்கு ஏத்தப்பட்டதுன்னு எழுது. போட்டோவை இணை. நான் ஊருல இல்லாததால தெரியலன்னு எழுது. அது நெசம்தானே?" கழுத்து டேப்பைச் சரிசெய்துகொண்டார். "முழுசா நெசமில்ல. நான் தப்பா சேத்துட்டேன்னும் எழுதிடு. அவங்க என்ன பண்ணினாலும் பண்ணட்டும்."

ஒரே பக்கத்தில் எழுதினேன். அதே பாலிசி எண், அதே கிளெயிம் எண். இந்த முறை ஒரு வரியிலும் பக்கத்துக் கடை இல்லை. அவரே மின்னஞ்சல் பொத்தானை அமுக்கினார்.

கம்பெனிக்காரர்கள் மூன்றாம் நாள் போனில் கூப்பிட்டு அவரை ஒரு பிடி பிடித்தார்கள். தானாகவே வாபஸ் வாங்கியதால் நிபந்தனையைக் கிளப்பவில்லை என்றார்கள். முதல் பட்டியலின்படி தொகையைச் சொல்லி, முழுமையாகப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டு ஒரு படிவம் அனுப்பினார்கள். மாதக் கடைசிக்கு முந்தின நாள் பணம் கணக்கில் ஏறியது. சின்னவளுக்கு வந்ததில் பாதிகூட இல்லை. வாடகைப் பாக்கிக்கும் மோட்டார் இரண்டுக்கும் சரியாக இருந்தது. சாவி அக்காவிடமே தங்கியது.

மறுநாள் காலை ஓவர்லாக் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். போர்வை மடித்து ஓரமாக இருந்தது. எம்பிராய்டரி மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"இப்போ நிம்மதியாக்கா?"

"என்ன நிம்மதி? இத்தனை வருஷமா அவளைக் குறை சொல்லி ஓட்டிட்டேன். இனிமே எதைச் சொல்லுவேன்?"

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அந்த முதல் படம்தான். என் பிரிண்டரில் எடுத்து அவருக்கே கொடுத்தது. டேப்பின் பித்தளை நுனியால் நடுக்கதவுப் படியைத் தொட்டுக் காட்டினார். நான் கவனிக்காமல் விட்ட இடம். அங்கே ஒரு ஜோடி செருப்பு, அருகருகே, ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

"பாத்தியா? மேல இருந்து தண்ணி கொட்டுது. அவ கடை மூழ்குது. அப்பவும் செருப்பைக் கழட்டி வெச்சுட்டுத்தான் எங்கடைக்குள்ள போயிருக்கா." எரிச்சலோடு படத்தை உள்ளே வைத்து இழுப்பறையைச் சாத்தினார்.

"நானா இருந்தா கழட்டியிருக்க மாட்டேன் தம்பி. அவ கடைக்குள்ள போயிருக்கவே மாட்டேன். இதுலயும் அவளே ஜெயிச்சுட்டா."